அறை வெப்பநிலை

இருபத்தேழு டிகிரியில் கிருமி சாகாது. கை கால் நீட்டிப் படுத்து, வம்சம் பெருக்கி, வாடகை கொடுக்காமல் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தும்.

ஆகவே அந்தத் தாளைப் பார்த்ததும் அகராதிக்கு நடைபாதையிலேயே கால் நின்றுவிட்டது.

'கிருமி நீக்கச் சுற்றுப் பதிவு' என்று தலைப்பு. அவள் போட்ட தலைப்பு. கீழே அவள் போட்ட கட்டங்கள். கட்டங்களுக்குள் வேறொருவர் குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், பெருமையோடு நிரப்பிய எண்கள்.

அறை வெப்பநிலை: 27.

அழுத்தம்: 1.1 பார்.

நிலை நேரம்: 20 நிமிடம்.

நூற்றிருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு! அடுத்த தாளைப் புரட்டினாள். 28. அதற்கடுத்தது 27.5. மறுபடியும் 27. இரண்டு வாரமாக இந்தப் பரிசோதனைக்கூடத்தில் ஆவியில் வேகவைத்த அத்தனை பாட்டிலும், காகிதத்தின்படி, பச்சையாகவே இருந்தது.

மாடியில், மேலாளரின் அறையில், வெளியிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முதலில் கேட்டதே இந்தப் பதிவுக் கோப்பைத்தான். எடுத்துக்கொண்டு போன வழியில், ஒரு தடவை அழகு பார்ப்போமே என்று திறந்தது அகராதியின் தப்பு. அல்லது அதிர்ஷ்டம்.

அகராதி என்பது அவளுக்கு இங்கே வைத்த பெயர். தண்ணீரும் உணவும் சோதிக்கிற இந்தக் கூடத்தில் இங்கிலீஷில் இருக்கும் பதிவுத் தாள்களைத் தமிழில் மாற்ற மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள். எப்போதும் தடித்த அகராதி ஒன்றை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். ஒரு வார்த்தைக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள் என்பதால், 'அகராதி பிடிச்சவ' என்கிற பொருளிலும் அதே பெயர் செல்லுபடியானது. ஒரே பெயரில் இரண்டு வசதி.

ஒப்பந்தம் இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. தணிக்கை நல்லபடியாக முடிந்தால் மற்ற தாள்களும் தமிழுக்கு வரும், அவள் வேலையும் நிரந்தரமாகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சொதப்பினால் பழைய இங்கிலீஷ் தாள் திரும்பி வரும். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போவாள்.

வீட்டில் மாமியார் ஏற்கெனவே அவள் மானத்தைக் கப்பலேற்றியிருந்தார். அது தனிக் கதை. அதற்குக் காரணம் முத்திரை.

முத்திரை இங்கே தர அதிகாரி. தன் ரப்பர் ஸ்டாம்பு விழாத காகிதத்தை மனிதன் தொடவே கூடாது என்று நினைப்பவர். 'தமிழ்ல எழுதினா தரம் போயிடும்' என்பது அவர் கட்சி. மேலாளர் பிடிவாதம் பிடித்ததும், 'இதுக்கு எதுக்கு ஒரு ஆளு? கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துல பண்ணிடும்' என்று தானே இறங்கினார். கம்ப்யூட்டரும் பண்ணிவிட்டது. 'ஸ்டெரிலைசேஷன் சைக்கிள்' என்பதற்குக் 'கருத்தடை மிதிவண்டிப் பதிவு' என்று தலைப்புக் கொடுத்தது. கீழே, 'பிடி: 20 நிமிடம்.' அதற்கும் கீழே, 'எக்ஸாஸ்ட்'டுக்கு, 'களைப்பு: மெதுவாக.'

அந்தத் தாளைக் கையில் வாங்கிய, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் இயக்குநர், அடக்கமாகக் கேட்டாராம்:

"எதைப் பிடிக்கணும் சார், இருபது நிமிஷம்? கைப்பிடியையா, இல்ல ஆப்பரேஷனுக்கு வந்தவரையா?"

"கிண்டலா?"

"இல்ல சார். மெதுவா களைப்பாகணும்னு வேற போட்டிருக்கு. அது எனக்கு மத்தியானம் சாப்பிட்டதும் தானா வந்துடும்."

மறுவாரமே அகராதியை வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். மாமியார் பாதி கேட்டுவிட்டு, எதிர்வீட்டு அக்காவிடம், 'எங்க மருமக கருத்தடை ஆபீஸ்ல சேந்திருக்கா' என்று அறிவித்துவிட்டார். இன்றுவரை அந்தத் தெருவில் பெண்கள் அவளிடம் தனியாக வந்து குசுகுசுவென்று சந்தேகம் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போகாமல், எதிர்த் திசையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள் அகராதி.

கடைசி அறையில் ஆட்டோகிளேவ் உறுமிக்கொண்டிருந்தது. ஆளுயர எஃகு உடம்பு, கனத்த வட்டக் கதவு, நெற்றியில் அழுத்தம் காட்டும் முள், பக்கத்தில் சீட்டுத் துப்பும் சின்ன அச்சு இயந்திரம். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, ராஜசபையில் இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார் இயக்குநர். நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் இருப்பதாலும், காலடிச் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பதாலும் அவருக்கு 'ஆவி' என்று பெயர்.

"அண்ணே! இது என்ன?"

ஆவி எட்டிப் பார்த்தார். "இருபத்தேழு."

"அது தெரியுது. ஏன் இருபத்தேழு?"

"அன்னிக்கு இருபத்தேழுதான் இருந்துச்சு தங்கச்சி. மறுநாள் கொஞ்சம் புழுக்கம். இருபத்தெட்டு போட்டிருப்பேன் பாரு."

"மெஷினுக்குள்ள இருபத்தெட்டா?"

"மெஷினுக்குள்ளயா?" ஆவி எழுந்தார். சுவரில் தொங்கிய சின்ன வெப்பமானியைக் காட்டினார். பிறகு தரை, கூரை, ஜன்னல் மூன்றையும் கையால் வளைத்துக் காட்டினார். "இதுக்குப் பேர் என்ன?"

"அறை."

"வெப்பநிலை என்ன?"

முள் இருபத்தேழில் நின்றது.

"அறை வெப்பநிலைன்னு நீதானே எழுதிக் குடுத்தே? ரூம் ரொம்ப சூடானா மெஷினுக்கு ஆகாதுன்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரு. அதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் விடாம, ஸ்டூல் மேல ஏறி நின்னு கண்ணாடி போட்டுப் பார்த்து எழுதியிருக்கேன்."

அகராதி மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

இந்தத் தாளில் அவள் பயந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'ஹோல்டு டைம்'. சுவிட்சைப் போட்டதிலிருந்து எண்ணக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, ஆவி நிறைந்து, சூடு நூற்றிருபத்தொன்றைத் தொட்ட பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓடிய நிமிடமெல்லாம் கணக்கில் சேராது. அதை ஒற்றை வார்த்தையில் பிடிக்க நாலு நாள் தூக்கம் கெட்டாள். 'பிடிப்பு நேரம்' என்றால் தசைப்பிடிப்பு. 'தாங்கு நேரம்' என்றால் யார் யாரைத் தாங்குவது? கடைசியில் 'நிலை நேரம்' என்று வைத்து, அடியில் '121ஐத் தொட்ட பிறகு எண்ணுவது' என்று ஒரு வரியும் போட்டாள்.

இயந்திரத்தின் உட்பகுதியைக் குறிக்கும் 'சேம்பர்' என்பதற்கு அகராதியைக்கூடத் திறக்கவில்லை. சேம்பர் என்றால் அறை. சின்னக் குழந்தைக்குத் தெரியும். சேம்பர் டெம்பரேச்சர் என்றால் அறை வெப்பநிலை. அவ்வளவுதானே?

கிணற்றுக்குப் பயந்து சுற்றிப் போனவள், வாசற்படியில் தடுக்கி விழுந்திருக்கிறாள்.

"அப்போ மெஷினுக்குள்ள இருக்கற சூட்டை எங்கதான் எழுதுவீங்க?"

"அதான் சீட்டு வருதே! பின்னாடியே குத்தி வெச்சிருக்கேன். இது என்ன வம்பு?"

அகராதி தாளைத் திருப்பினாள். ஸ்டேப்ளர் அடித்த சீட்டு. இங்கிலீஷில் பொடி எழுத்து. 121.4. அடுத்த தாளின் பின்னால் 121.6. அழுத்தம், இருபது நிமிடம், எல்லாம் இம்மி பிசகாமல். மூச்சு வந்தது. கிருமிகள் உண்மையில் செத்துத்தான் போயிருக்கின்றன. காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு உலவுகின்றன.

"அறைன்னா கன்னத்துல விடறதும்தான்" என்றார் ஆவி யோசனையோடு. "நல்ல வேளை, அந்த அர்த்தத்துல எடுத்துக்கல. யாரையாவது அறைஞ்சு, சூடு பார்த்து எழுதியிருப்பேன்."

"அண்ணே, சிரிக்கற நேரமா இது?"

"அதில்ல தங்கச்சி. கீழ ஒரு கட்டம் இருக்கு பாரு, 'ஆவி வெளியேற்றம்: மெதுவாக'ன்னு. இன்னிக்கு என்னைய வெளியேத்தறதா இருந்தா, அதே மாதிரி மெதுவாவே வெளியேத்தச் சொல்லு. வேகமா பண்ணா பாட்டில்ல இருக்கறது பொங்கி வழிஞ்சிடும்."

அவர் சொன்னது இயந்திரத்தைப் பொறுத்தவரை உண்மை. திரவம் உள்ளே இருக்கும்போது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் எல்லாம் கொதித்துப் பொங்கும். மனிதர்களைப் பொறுத்தவரையும் உண்மைதான் என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. முத்திரை!

"கோப்பு எங்கே? மேடம் ரெண்டாவது பிஸ்கட் எடுத்துட்டாங்க! மேல கொண்டுபோகச் சொன்னா இங்க என்ன மாநாடு?"

கோப்பைப் பிடுங்கினார். புரட்டினார். அவர் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. பிறகு, அகராதி எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சந்தோஷம்.

"நான் சொன்னேனா இல்லையா? தமிழ்ல போட்டா தரம் போயிடும்னு சொன்னேனா இல்லையா? இருபத்தேழு டிகிரி! இதை அந்தம்மா பார்த்தா நம்ம அங்கீகாரத்தையே மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"ஒரு வார்த்தைதான் சார் தப்பு. பின்னாடி சீட்டு எல்லாம்..."

"பேசாதே." கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது, குழைந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆக வேணாம். பழைய இங்கிலீஷ் தாள் ஒரு கட்டு என் மேஜையில இருக்கு. எடுத்துட்டு வரேன். ஆவி, நீ உக்காந்து எல்லாத்துலயும் 121, 1.1, 20ன்னு எழுது. சீட்டைப் பிரிச்சு அதுல குத்து. இந்தத் தமிழ்த் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாம். நான் மேல போய் அந்தம்மாவை அரை மணி நேரம் பேச்சுல இழுத்து வெக்கறேன்."

"என்னிக்குத் தேதி போடறது சார்?" என்றார் ஆவி.

"அன்னன்னிக்குத் தேதி."

"அன்னிக்கு எழுதின பேனா தீந்து போச்சே சார். இது வேற மை."

"உன் மையை யாருய்யா பார்க்கப் போறா?"

"பார்க்கறதுக்குத்தானே சார் அவங்க வந்திருக்காங்க?"

அகராதிக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஆவி தப்பிப்பார், கூடம் தப்பிக்கும். அவள் மட்டும் வெள்ளிக்கிழமை கிளம்புவாள். இந்தக் கூடத்தில் இனி ஒரு தமிழ்த் தாள் நுழையாது. ஒப்புக்கொள்ளாவிட்டால்? அந்தத் தாள் மேஜைக்குப் போகும். முதல் கேள்வியிலேயே அவள் மானம் சிரிப்பாய்ச் சிரிக்கும். ஒருவேளை ஆவியும் சேர்ந்து வெளியேற்றப்படுவார், வேகமாக.

கையை நீட்டினாள். "குடுங்க சார். கிழிக்கறதுன்னா நான் பெத்ததை நானே கிழிக்கறேன்."

முத்திரை பெருந்தன்மையோடு கோப்பைக் கொடுத்தார். அகராதி முதல் தாளின் மேல் ஓரத்தைப் பிடித்தாள். கண், பழக்கதோஷம், கடைசி வரிக்குப் போனது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தேடும் கண்.

பிழை இல்லை. கையெழுத்து இருந்தது.

'இயக்கியவர்' என்ற இடத்தில் ஆவியின் குண்டு எழுத்து. அதற்குப் பக்கத்தில், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு மயில் மாதிரி...

அடுத்த தாள். அங்கேயும் மயில். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு மயிலின் கீழும் ஊதா நிறத்தில் ரப்பர் ஸ்டாம்பு.

"சார்" என்றாள் தேன் குரலில். "கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். இருபத்தேழு டிகிரியில கிருமி செத்துடுச்சுன்னு தினமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அதுக்கு ஸ்டூல் மேல ஏறுனீங்களா, இல்ல கீழ இருந்தேவா?"

முத்திரை தாளைப் பார்த்தார். அகராதியைப் பார்த்தார். ஆவியைப் பார்த்தார். ஆவி மிக மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்.

"அது... மாசக் கடைசி... நூறு தாள் வருது..."

"அதான் சார் கேக்கறேன். தமிழ்ல போட்டதால தரம் போச்சா, இல்ல தமிழ்லயும் யாரும் படிக்காததால போச்சா?"

"ஏய், உன்னை—"

டொக் டொக்.

மூவரும் திரும்பினார்கள். கதவு திறந்தது. கையில் பாதி பிஸ்கட்டோடு தணிக்கையாளர் நின்றிருந்தார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, பையன் திருடிய மாங்காயை எண்ணிவிட்டு வந்த தாய் மாதிரி ஒரு புன்னகை.

"மேலயே உக்காந்திருந்தா எனக்கு டீதான் கெடைக்கும், கோப்பு கெடைக்காதுன்னு தோணிச்சு. இதுதானே ஆட்டோகிளேவ் ரூம்? பதிவு எங்க?"

முத்திரை ஒரு அடி முன்னால் வந்தார். "பைண்டிங்குக்குப் போயிருக்கு மேடம். ஒரு அரை மணி..."

அந்த நொடியில் அகராதிக்குத் தராசு எல்லாம் மறந்துபோனது. ஒரு குறும்பு மட்டும் மிச்சமிருந்தது.

"பைண்டிங் முடிஞ்சு இப்பத்தான் வந்தது மேடம்" என்று இரண்டு கையாலும் கோப்பை நீட்டினாள்.

தணிக்கையாளர் ஆவியின் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தாள். பிஸ்கட் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அறை வெப்பநிலை இருபத்தேழு."

யாரும் மூச்சு விடவில்லை. இயந்திரம் மட்டும் விட்டது.

"அழுத்தம் 1.1 பார். நிலை நேரம் இருபது நிமிஷம்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இவ்வளவு அழுத்தத்துல நீராவி இருபத்தேழு டிகிரியில இருக்கணும்னா, அது ஆவியா இருக்காது, பச்சைத் தண்ணியாத்தான் இருக்கும். நூத்தியிருபத்தொண்ணை ஒட்டித்தானே இருந்தாகணும்? யார் எழுதினது?"

"நான்தாங்க" என்றார் ஆவி.

"எதைப் பார்த்து?"

ஆவி சுவரைக் காட்டினார். தணிக்கையாளர் சுவர் வெப்பமானியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிஸ்கட் தூள் மடியில் கொட்டியது.

"அறை! ஐயோ, அறை!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வார்த்தை யார் போட்டது?"

"நான் மேடம்" என்றாள் அகராதி. "சேம்பருக்கு."

"அது எவ்வளவு இருக்கணும்னு அதே கட்டத்துல அச்சடிச்சிருந்தா இவர் எழுதும்போதே முழிச்சிருப்பார். அதை ஏன் போடல?"

அது அகராதிக்குத் தோன்றவே இல்லை. வார்த்தையோடு மல்லுக்கு நின்றவள் எண்ணைப் பார்க்க மறந்திருந்தாள்.

முத்திரைக்குத் தெம்பு வந்தது. "அதுதான் மேடம் நான் முதல்லேருந்தே சொல்றது. இந்தத் தமிழ்த் தாளே வேணாம். பழைய இங்கிலீஷ் தாளைப் பாருங்க. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது!" ஓடிப்போய் பழைய கோப்பைக் கொண்டுவந்தார்.

தணிக்கையாளர் அதை மடியில் வைத்துப் புரட்டினார். 121. 121. 121. இரண்டு விரலால் கத்தை கத்தையாகத் தள்ளினார். 121. ஒரு வருடத்துக்கு 121.

"உண்மைதான். ஒரு தப்பும் இல்ல. அதான் எனக்கு பயமா இருக்கு." ஒரு தாளைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தார். "சீட்டுல 121.3. இங்க 121.7. தாள்ல மட்டும் எப்படி அலுங்காம குலுங்காம 121?"

ஆவி தலையைச் சொறிந்தார். "இங்கிலீஷ் புரியாதுங்களே. நேத்துத் தாளைப் பார்த்து இன்னிக்கு எழுதிடுவேன்."

"இது?" இன்னொரு சீட்டு. தணிக்கையாளரின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "மின்தடை. சுற்று நின்றது. நிலை நேரம் பதினோரு நிமிஷம்தான். தாள்ல இருபதுன்னு இருக்கு. இந்த லோடு என்னாச்சு?"

அறை வெப்பநிலை நிஜமாகவே ஏறியது போலிருந்தது அகராதிக்கு. ஆவியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"அன்னிக்கு கரண்ட் போச்சுங்க. காலி பாட்டில்தான் உள்ள இருந்துச்சு. திரும்பி வந்ததும் மிச்ச ஒன்பது நிமிஷத்தை மட்டும் ஓட்டச் சொன்னாரு... ஒருத்தர்." கண் முத்திரை பக்கம் போகாமல் மிகவும் சிரமப்பட்டது. "மனசு கேக்கல. முதல்லேருந்து போட்டேன். அந்தச் சீட்டுக்கு அடியில இன்னொண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும், பாருங்க."

தணிக்கையாளர் நகத்தால் நெம்பினார். பிசின் போல ஒட்டியிருந்த இரண்டாவது சீட்டு பிரிந்து வந்தது. 121.5. முழு இருபது நிமிடம்.

ஆட்டோகிளேவோடு சேர்ந்து அந்த நாலு பேரும் அப்போது மூச்சு விட்டார்கள்.

"வேலையைச் சரியா செஞ்சுட்டு, பதிவை இப்படியா எழுதுவீங்க?" என்றார் தணிக்கையாளர். "சரி, கேளுங்க. ஒரு வருஷமா இந்தத் தாளை யாரும் படிக்கல. எழுதினவரும் படிக்கல, சரிபார்த்தவரும் படிக்கல. இந்த ரெண்டு வாரம்தான் ஒரு மனுஷன் தாள்ல என்ன கேட்டிருக்குன்னு படிச்சு, நடந்து போய், ஸ்டூல்ல ஏறி, பார்த்து எழுதியிருக்கார். தப்பான முள்ளைத்தான் பார்த்தார். ஆனா பார்த்தார்."

முத்திரை வாயைத் திறந்தார். தணிக்கையாளர் அவர் பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டார்:

"கையெழுத்துகள் ரொம்ப அழகு. அது யாரோடதுன்னு மேல வந்து பேசறேன்."

முத்திரை வாயை மூடினார்.

"இப்போ இந்தத் தாளையெல்லாம் என்ன பண்ணணும் மேடம்?" என்றாள் அகராதி.

"கிழிக்கக் கூடாது." கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டிருந்ததோ என்னவோ, முத்திரை இரண்டு அங்குலம் குறைந்தார். "இருபத்தேழு மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல சீட்டைப் பார்த்துச் சரியான எண், ஏன் மாத்தறீங்கன்னு ஒரு வரி, கையெழுத்து, இன்னிக்குத் தேதி. இன்னிக்குத் தேதி! புரிஞ்சுதா? அப்புறம் அந்த அறை. வேற வார்த்தை?"

அகராதியின் மூளை வேகமாக ஓடியது. கலன். கொள்கலன். உட்கலன். ஆவிக்கலன். அகக்கூடம்...

தணிக்கையாளர் ஆவியைக் கேட்டார். "நீங்க இதை என்னன்னு சொல்வீங்க?"

"பானைன்னு சொல்வோம்க. 'பானை சூடாயிடுச்சா'ன்னுதான் கேப்பாங்க எல்லாரும்."

"பானையா?" முத்திரையால் தாங்க முடியவில்லை. "ஆவணத்துல பானையா? தரம்—"

"சார்" என்றார் தணிக்கையாளர். "பானைக்குள் வெப்பநிலைன்னு போட்டா யாராவது சுவத்தைப் பார்ப்பாங்களா?"

அன்று மாலை மேலாளர் அறையில் கூட்டம் நடந்தது. அகராதிக்கு அழைப்பு இல்லை. அவள் ஆவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இருபத்தேழின் மேலும் அவர் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இருபத்தெட்டைக் கடக்கும்போது ஆவி பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினேன் தெரியுமா? ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலாளர் எட்டிப் பார்த்தார். "அகராதி! எந்த ஊர் ஆளும்மா நீ, பைண்டிங் முடிஞ்சுதுன்னு தைரியமா நீட்டறே? சரி சரி. தமிழ்த் தாள் இருக்கும். மத்த மெஷின் தாளெல்லாமும் தமிழ்ல வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை வந்து புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு. ஆனா ஒண்ணு, எந்த வார்த்தையா இருந்தாலும் அந்தந்த மெஷினுக்காரங்களைக் கேக்காம அச்சுக்குப் போகக் கூடாது."

"எவ்வளவு இருக்கணும்னும் கட்டத்துல போடறேன் சார்."

"அதையும் போடு. உங்க மாமியார்கிட்டயும் சொல்லு, இது கருத்தடை ஆபீஸ் இல்லன்னு. என் மனைவி வரைக்கும் வந்துடுச்சு அந்தப் பேச்சு."

அவர் போன பிறகு வாசலில் இன்னொரு நிழல் நின்றது. உள்ளே வரவும் முடியாமல், போகவும் முடியாமல். முத்திரை. கையில் ரப்பர் ஸ்டாம்பு இல்லை. இனிமேல் தினமும் சுற்று முடியும் நேரத்தில் இங்கேயே வந்து நின்று, சீட்டையும் தாளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"அகராதிம்மா" என்றார். இந்த 'அம்மா' புதியது.

"சொல்லுங்க சார்."

"புதுத் தாள் அச்சடிக்கப் போறியே, அதுல ஒரு சின்ன மாத்தம்... கடைசி வரியில 'சரிபார்த்தவர்'னு இருக்கு பாரு. வார்த்தை கொஞ்சம் கனமா இருக்கு. பின்னால பிரச்சினை வந்தா நேரா கழுத்தைப் பிடிக்கும். அதுக்குப் பதிலா வெறும் 'பார்த்தவர்'னு போட முடியுமா?"

அகராதி பேனாவை மூடினாள்.

"பார்த்திருந்தா போட்டிருக்கலாம் சார்."